யுபிஐ செயலியை முதன்முதலில் தொடுபவருக்கு ஓர் அனிமேஷன் ஸ்கிரிப்ட்

கேள்வி: எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவினருக்காக யுபிஐ பற்றி நான்கு நிமிட அனிமேஷன் வீடியோ ஒன்று செய்கிறோம். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இதுவரை போனில் பணம் அனுப்பியதே இல்லை. ஸ்கிரிப்டில் எதைச் சொல்வது, எதை விடுவது? ஒரு மாதிரி எழுதிக் காட்ட முடியுமா?

ஒரு பெண், ஒரு மளிகைக் கடை, 85 ரூபாய். இந்த ஒரே கட்டணத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டுங்கள்; மின்கட்டணம், ரீசார்ஜ், கடன், பரிசுக் கூப்பன் ஆகியவற்றை முழுவதுமாக விட்டுவிடுங்கள். அவை ஒவ்வொரு செயலியிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும், அடிக்கடி இடமும் மாறும். ஒரு கட்டணத்தைத் தானே செய்து முடித்தவர் மற்றவற்றைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார். ஆனால் நான்கு செய்திகளை விட முடியாது: பணம் எங்கே இருக்கிறது, செயலி ஏன் சிம் கார்டைக் கேட்கிறது, பின் நம்பர் எதற்கு, பணம் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது. புதிதாக வருபவர்கள் பணத்தை இழப்பதும், பயந்து செயலியையே நீக்கிவிடுவதும் பெரும்பாலும் இந்த நான்கில் ஏதோ ஒன்று தெரியாததால்தான்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு கட்டணம் எந்த வழியாகப் போகிறது என்பதை ஸ்கிரிப்ட் எழுதுபவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். யுபிஐ முறையை நடத்துவது இந்திய தேசியக் கட்டணக் கழகம் எனப்படும் என்பிசிஐ. முன்னோட்டமாக 2016 ஏப்ரலில் அறிமுகமாகி, அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் வங்கிகளின் செயலிகள் மூலம் மக்களிடம் வந்தது. செல்வி என்பவர் தன் போனில் 85 ரூபாய் அனுப்பினால், அந்தக் கட்டளை செயலியிலிருந்து என்பிசிஐ வழியாகச் செல்வியின் வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி பின் நம்பரைச் சரிபார்த்து அவர் கணக்கில் 85 ரூபாயைக் கழிக்கிறது. பிறகு என்பிசிஐ கடைக்காரரின் வங்கியிடம் அந்தத் தொகையை வரவு வைக்கச் சொல்கிறது. இவ்வளவும் சில வினாடிகளில் நடந்துவிடும். இதில் செயலி தூதர் மட்டுமே. இந்தப் படம் எழுதுபவர் மனத்தில் சரியாக இருந்தால்தான் ஓவியர் வரையும் படமும் சரியாக இருக்கும்.

நீளத்தைப் பொறுத்தவரை, புதியவர்களுக்கான குரல் வினாடிக்கு ஒன்றரைச் சொல்லைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. நான்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 360 சொற்கள். இதற்கு மேல் எழுதினால் குரல் கொடுப்பவர் ஓட வேண்டியிருக்கும். பார்ப்பவர் திரையைப் பார்ப்பாரா, குரலைக் கேட்பாரா என்று தடுமாறுவார். கீழே காட்சி காட்சியாக எழுதியிருக்கிறேன். ஏன் அப்படி எழுதினேன் என்பதையும் உடனுக்குடன் சொல்கிறேன்.

காட்சி 1: பணம் எங்கே இருக்கிறது (25 வினாடி)

திரையில்: இடப்புறம் செல்வி, கையில் போன். வலப்புறம் வங்கிக் கட்டடம். அதற்குள் செல்வியின் பணம். போனிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வங்கிக்குப் பறக்கிறது. வங்கியிலிருந்து பணம் புறப்பட்டு, கடைக்காரரின் வங்கிக் கட்டடத்துக்குள் நேராக நுழைகிறது. போனுக்குள் பணம் ஒருபோதும் வருவதில்லை.

குரல்: "இவர் செல்வி. இவருடைய பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறது. போனுக்குள் பணம் வருவதில்லை. போனில் இருக்கும் ஆப், ‘இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள்’ என்று வங்கிக்கு ஒரு சீட்டு அனுப்புகிறது. வங்கி, செல்வியின் கணக்கிலிருந்து எடுத்து, கடைக்காரர் கணக்கில் சேர்க்கிறது. போன் தொலைந்தாலும் பணம் வங்கியிலேயே இருக்கும். ஆனாலும் உடனே வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும்."

போனுக்குள் நாணயங்கள் மழையாகக் கொட்டுவது போன்ற ஆயத்தப் படங்கள் எளிதில் கிடைக்கும். அவற்றை எடுத்துப் போட வேண்டாம். அப்படிப் பார்த்தவர், செயலியை நீக்கினால் பணமும் போய்விடும் என்றோ, போனை மாற்றினால் பணத்தையும் மாற்ற வேண்டும் என்றோ நினைத்துக்கொள்வார். சீட்டு பறக்கிறது, பணம் வங்கிக்கும் வங்கிக்கும் இடையில் நகர்கிறது என்ற இந்த ஒரு படத்தை வீடியோ முழுவதும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள்; கடைசிக் காட்சியில் பணம் நடுவில் நிற்பதை விளக்க இதுவே உதவும்.

காட்சி 2: சிம் கார்டும் வங்கியும் (40 வினாடி)

திரையில்: செல்வி பழைய குறுஞ்செய்தி ஒன்றைத் திறக்கிறார், "உங்கள் கணக்கில் ரூ.1,000 வரவு" என்று வங்கியிலிருந்து வந்தது. அந்தச் செய்தி வந்த சிம் கார்டு பளிச்சிடுகிறது. பிறகு செயலி திறக்கிறது; இரண்டு சிம் படங்களில் செல்வி அந்தச் சிம்மைத் தொடுகிறார். போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாக வெளியே போகிறது. வங்கிகளின் பட்டியலில் அவருடைய வங்கியைத் தொட்டதும் கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் தெரிகின்றன.

குரல்: "பணம் போட்டால், எடுத்தால், வங்கியிலிருந்து எந்த நம்பருக்கு மெசேஜ் வருகிறதோ, அந்தச் சிம் இந்தப் போனில் இருக்க வேண்டும். ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் ஆப்பை இறக்குங்கள். அந்தச் சிம்மைத் தேர்ந்தெடுங்கள். போன் தானாகவே ஒரு மெசேஜ் அனுப்பும். அதற்குச் சிம்மில் காசு இருக்க வேண்டும். பிறகு உங்கள் வங்கியைத் தொடுங்கள். உங்கள் கணக்கு தானாக வந்து நிற்கும். கணக்கு வரவில்லையா? வங்கிக் கிளைக்குப் போய், உங்கள் நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள்."

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்தப் படியில்தான். அதனால் இதற்கு இடம் கொடுத்திருக்கிறேன். செயலி கேட்பது வெறும் கைப்பேசி எண்ணை அன்று. அந்த எண்ணுக்குரிய சிம் இந்தப் போனுக்குள்தான் இருக்கிறது என்பதற்கான சான்றை. அதற்காகத்தான் போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வெளியே போகிறது. அதைப் பெறும் தரப்பு, எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதைப் பார்த்து, அந்த எண்ணையும் இந்தப் போனையும் இணைத்துவிடுகிறது. பிறகு நீங்கள் தேர்ந்தெடுக்கும் வங்கியிடம், இந்த எண்ணில் கணக்கு இருக்கிறதா என்று கேட்கப்படுகிறது. ஆகவே இணைய இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும், குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இல்லாத ரீசார்ஜ் திட்டத்தில் இருப்பவருக்கு இந்தப் படி தோல்வியடையும். இரண்டு சிம் உள்ள போனில் தவறான சிம்மைத் தொட்டாலும் அப்படித்தான். வீட்டு வைஃபையில் அமர்ந்து சிம் இல்லாத பழைய போனில் முயல்பவருக்கும் அதே நிலை.

குழுவில் உள்ள பலருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கும். கணக்கு தொடங்கியபோது கணவருடைய எண்ணையோ மகனுடைய எண்ணையோ கொடுத்திருப்பார்கள். அல்லது அப்போதிருந்த எண் இப்போது பயன்பாட்டில் இருக்காது. குறுஞ்செய்தி ஒழுங்காகப் போன பிறகும் கணக்கு கிடைக்கவில்லை என்று செயலி சொன்னால், பெரும்பாலும் காரணம் இதுதான். செயலியில் எதைத் தொட்டாலும் இதைச் சரிசெய்ய முடியாது. கிளைக்குப் போய் எண்ணை மாற்றியே ஆக வேண்டும். அதனால்தான் செயலியை இறக்கச் சொல்வதற்கு முன்பே, "எந்த நம்பருக்கு மெசேஜ் வருகிறது" என்ற கேள்வியை வைத்தேன். தன் எண் வங்கியில் இருக்கிறதா என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது; வங்கியின் குறுஞ்செய்தி எந்தப் போனில் வருகிறது என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும்.

தானாகப் போகும் இந்தக் குறுஞ்செய்தியில் ஓர் ஆபத்தும் உண்டு. யாரோ ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, அதை இன்னோர் எண்ணுக்கு அனுப்பச் சொன்னால், அது உங்கள் எண்ணை அவருடைய போனோடு இணைக்கும் முயற்சியாக இருக்கலாம். இதை நான்கு நிமிடத்துக்குள் விளக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். ஆகவே வீடியோவில் சேர்க்கவில்லை. திரையிட்ட பிறகு நேரில் சொல்லுங்கள்.

காட்சி 3: பின் நம்பர் அமைத்தல் (35 வினாடி)

திரையில்: ஏடிஎம் கார்டு, கடைசி ஆறு இலக்கங்களும், கார்டு முடியும் மாதமும் ஆண்டும் வட்டமிடப்படுகின்றன. ஓடிபி வருகிறது. பிறகு பின் நம்பர் பக்கம். விரல் தொடத் தொட இலக்கங்களுக்குப் பதில் கரும்புள்ளிகள் மட்டும் விழுகின்றன. அருகில் நிற்கும் உறவினர் எட்டிப் பார்க்க, செல்வி போனைத் திருப்பிக்கொள்கிறார்.

குரல்: "இப்போது பின் நம்பர் அமைக்க வேண்டும். ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு எண்களையும், கார்டு முடியும் மாதம், ஆண்டையும் போடுங்கள். போனுக்கு வரும் ஓடிபியைப் போடுங்கள். பிறகு நீங்களே ஒரு பின் நம்பரை நினைத்துப் போடுங்கள். இது உங்கள் கையெழுத்து மாதிரி. உங்களுக்கு மட்டுமே தெரிய வேண்டும். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது."

பின் நம்பர் வங்கியைப் பொறுத்து நான்கு அல்லது ஆறு இலக்கங்களாக இருக்கும். ஏடிஎம்மில் பயன்படுத்தும் எண் வேறு, இது வேறு; சில வங்கிகள் இதை அமைக்கும்போது ஏடிஎம் எண்ணையும் கேட்கும் என்பதால், இரண்டும் ஒன்றென்று பார்ப்பவர் நினைத்துவிடாதபடி கார்டையும் புள்ளிகளையும் தனித்தனித் திரைகளாகவே காட்டுங்கள். கார்டு இல்லாதவர்கள், தங்கள் வங்கி அனுமதித்தால், ஆதார் ஓடிபி வழியாகவும் அமைக்கலாம். உங்கள் குழுவில் கார்டு இல்லாதவர்களே அதிகம் என்றால் இந்தக் காட்சியை அந்த வழிக்கு மாற்றி எழுதுங்கள். இரண்டு வழிகளையும் ஒரே வீடியோவில் காட்ட வேண்டாம்.

ஓவியருக்கு ஒரு கண்டிப்பான குறிப்பு கொடுங்கள். திரையில் எந்த இடத்திலும் எடுத்துக்காட்டாகக்கூட ஒரு பின் நம்பரைக் காட்டக் கூடாது. 1234 என்று காட்டினால், பார்ப்பவர்களில் சிலர் அதையே தங்களுக்கும் வைத்துக்கொள்வார்கள்.

காட்சி 4: கடையில் 85 ரூபாய் (60 வினாடி)

திரையில்: மளிகைக் கடை, பெயர்ப் பலகையில் "முருகன் ஸ்டோர்ஸ்". எண்ணெயும் பருப்பும் மேசை மேல். கியூஆர் அட்டையை நோக்கிச் செல்வி போனைப் பிடிக்கிறார். திரையில் "கந்தசாமி" என்ற பெயர் வருகிறது. படம் அங்கே நிற்கிறது. பெயரைச் சுற்றி ஒரு வட்டம்.

செல்வி: "அண்ணே, கந்தசாமின்னு வருது. உங்க பேருதானா?"

கடைக்காரர்: "ஆமாம்மா, என் பேருதான். போடுங்க."

திரையில்: தொகை 85. பின் நம்பர் பக்கம்: மேலே வங்கியின் பெயர், அதன் கீழே பெறுபவர் பெயரும் தொகையும், கீழே எண் பலகை. நான்கு புள்ளிகள். சீட்டு பறக்கிறது, பணம் வங்கிக்கு வங்கி நகர்கிறது. பச்சைக் குறி. கடையில் இருக்கும் ஒலிப்பெட்டி, "85 ரூபாய் பெறப்பட்டது" என்கிறது.

குரல்: "செல்வி 85 ரூபாய்க்குச் சாமான் வாங்கியிருக்கிறார். ஆப்பைத் திறந்து, ஸ்கேன் என்பதைத் தொட்டு, அட்டைக்கு நேரே போனைப் பிடிக்கிறார். முதலில் பெயரைப் பாருங்கள். பலகையில் ஒரு பெயர், போனில் வேறு பெயர். கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் ஆமாம் என்றால் மட்டும் மேலே போங்கள். தொகையைப் போடுங்கள். இன்னொரு முறை படியுங்கள். எண்பத்தைந்தா, எண்ணூற்று ஐம்பதா? சரியாக இருந்தால் பின் நம்பரைப் போடுங்கள். பச்சைக் குறி வந்துவிட்டது. கடைக்காரருக்கும் சேர்ந்துவிட்டது என்று பெட்டி சொல்கிறது. அதற்குப் பிறகே கடையை விட்டுக் கிளம்புங்கள்."

பலகையில் ஒரு பெயரும் போனில் வேறொரு பெயருமாக வேண்டுமென்றே எழுதியிருக்கிறேன். சிறு கடைகளில் இதுதான் வழக்கம். கணக்கு உரிமையாளர் பெயரிலோ அவர் மனைவி பெயரிலோ இருக்கும். 2025 ஜூன் இறுதி முதல், தனிநபருக்கோ சிறு வணிகருக்கோ பணம் அனுப்பும் முன் அவர்களுடைய வங்கியில் பதிவாகியுள்ள பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று என்பிசிஐ விதித்திருக்கிறது. ஆகவே திரையில் வரும் அந்தப் பெயர்தான் செல்வியிடம் உள்ள நம்பகமான சான்று. கடையின் அட்டை மேல் வேறு யாரோ தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போயிருந்தால், அதைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளருக்கு இருக்கும் வழி இந்தப் பெயர்தான். ஒலிப்பெட்டி பேசாமல் இருப்பது அடுத்த அறிகுறி, ஆனால் அது பணம் போன பிறகே தெரியும். பலகையிலும் போனிலும் ஒரே பெயர் வருவதாக எழுதினால் காட்சி அழகாக ஓடும். ஆனால் உண்மைக் கடையில் வேறு பெயர் வரும்போது பார்ப்பவர் ஒன்று பயந்து நிறுத்துவார், அல்லது பெயரைப் பார்க்கவே தேவையில்லை என்று பழகிக்கொள்வார்.

தொகையைத் தட்டுவதையும் விட்டுவிடக் கூடாது. சிறு கடைகளில் ஒட்டியிருக்கும் அட்டையில் தொகை இருக்காது; வாடிக்கையாளரே போட வேண்டும். பெரிய கடைகளில் பில் போடும் இயந்திரத் திரையில் வரும் கியூஆரில் தொகையும் சேர்ந்தே வரும். உள்ளே இருப்பது இத்தகைய ஒரு வரிதான்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Kadai&am=85.00&cu=INR
```

`pa` என்பது பணம் போய்ச் சேர வேண்டிய முகவரி, `pn` பெயர், `am` தொகை, `cu` நாணயம். `pn` என்ற இடத்தில் அட்டையைத் தயாரிப்பவர் எந்தப் பெயரையும் எழுதிவிடலாம். வங்கியில் பதிவான பெயரைக் காட்டச் சொன்னதன் காரணம் இதுதான். வீடியோவில் இந்த வரியைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் எழுதுபவர் இதை ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும்: இதற்குள் இருப்பது பணத்தை அனுப்புவதற்கான விவரம் மட்டுமே. இதை ஸ்கேன் செய்தவருக்குப் பணம் வந்து சேர வழியே இல்லை. அடுத்த காட்சி முழுவதும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது.

செயலியின் மற்றத் திரைகளை எந்த நிறுவனத்தையும் சாராத பொதுவான வடிவில் வரையுங்கள். பின் நம்பர் பக்கத்தை மட்டும் உண்மையாக இருப்பது போலவே வரையுங்கள். அந்தப் பக்கத்தைத் தருவது என்பிசிஐயின் பொதுவான மென்பொருள் என்பதால், எந்தச் செயலியில் பார்த்தாலும் அது ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். பார்ப்பவர் வீட்டுக்குப் போய் எந்தச் செயலியை நிறுவினாலும், இந்த ஒரு பக்கத்தை அடையாளம் கண்டுகொள்வார். கடையின் கியூஆர் படம் வேலை செய்யாத ஒன்றாக இருக்கட்டும். திரையைப் பார்த்து யாராவது ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

தொகை 85 ஆக இருப்பதற்கும் காரணம் உண்டு. புதிதாகப் பதிவு செய்தவர்கள் முதல் 24 மணி நேரத்தில் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. வீட்டு வாடகை 8,000 ரூபாயை அனுப்புவதாகக் காட்டினால், அன்றே அதை முயல்பவருக்குத் தோல்விதான் கிடைக்கும், காரணமும் புரியாது.

காட்சி 5: பணம் வாங்கப் பின் நம்பர் வேண்டாம் (35 வினாடி)

திரையில்: செல்வி பழைய தையல் இயந்திரத்தை விற்கிறார். வாங்குவதாகச் சொன்னவர் போனில் ஒரு கியூஆர் படம் அனுப்புகிறார். "இத ஸ்கேன் பண்ணுங்க, ரெண்டாயிரம் வந்துடும்" என்கிறார். செல்வி ஸ்கேன் செய்ததும் பின் நம்பர் பக்கம் வருகிறது. தொகை 2,000. சீட்டு செல்வியின் போனிலிருந்து வெளியே பறக்கத் தயாராக நிற்கிறது. செல்வியின் விரல் நின்றுவிடுகிறது.

குரல்: "இங்கே நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. உங்கள் போன் நம்பரைச் சொன்னால் போதும், பணம் தானாக வரும். பின் நம்பர் கேட்கிறது என்றால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள். எதையும் போடாமல், ஆப்பை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பணம் போய்விட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்."

எழுதும்போது ஒரு வாக்கியத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. "பணம் அனுப்பப் பின் நம்பர் கட்டாயம்" என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. சிறு தொகைகளுக்கான யுபிஐ லைட் முறையில் பின் நம்பர் இல்லாமலே பணம் போகும். 2025 அக்டோபர் முதல் சில செயலிகளில் 5,000 ரூபாய் வரை கைரேகையோ முக அடையாளமோ போதும் என்ற வசதியும் வந்திருக்கிறது. "பணம் வாங்கப் பின் நம்பர் தேவையில்லை" என்பதற்கோ எந்த விலக்கும் இல்லை. இந்த வாக்கியம் குரலிலும் வர வேண்டும், திரையில் பெரிய எழுத்திலும் வர வேண்டும், மூன்று வினாடி வேறெதுவும் அசையாமல் நிற்க வேண்டும். வீடியோவிலிருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளில், முன்பின் தெரியாதவர் செயலி வழியாகவே பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பி ஏமாற்றுவதுதான் முக்கிய எச்சரிக்கையாக இருக்கும். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டது. அதனால் அதை விட்டு, இன்னும் நடக்கும் கியூஆர் ஏமாற்றை எடுத்துக்கொண்டேன். பழைய வீடியோக்களைப் பார்த்து எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காட்சி 6: நடுவில் நின்ற பணம் (45 வினாடி)

திரையில்: மீண்டும் அதே கடை. செல்வி பின் நம்பர் போட்டுவிட்டார். செல்வியின் வங்கியிலிருந்து பணம் கிளம்பி, பாதி வழியில் நிற்கிறது. போனில் மஞ்சள் நிறக் கடிகாரக் குறி, அருகில் `Pending`. ஒலிப்பெட்டி அமைதியாக இருக்கிறது. செல்வி மீண்டும் ஸ்கேன் செய்யப் போனைத் தூக்குகிறார், பிறகு இறக்குகிறார். செயலியில் பழைய கட்டணங்களின் பட்டியலைத் திறந்து, இந்தக் கட்டணத்தைத் தொட, 12 இலக்கப் பரிமாற்ற எண் தெரிகிறது.

குரல்: "சில நேரம் பச்சைக் குறி வராது. மஞ்சள் கடிகாரம் வரும். கணக்கில் பணம் குறைந்திருக்கும், கடைக்காரருக்கும் வந்திருக்காது. பயப்பட வேண்டாம். உடனே மறுபடி அனுப்பவும் வேண்டாம். சில நிமிடம் பொறுத்து, பட்டியலைத் திறந்து பாருங்கள். பச்சையானால், கடைக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சிவப்பானால், பணம் உங்கள் கணக்குக்கே திரும்பும். திரும்பவில்லையா? ஆப்புக்குள்ளேயே புகார் கொடுங்கள். இந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குப் போனால் இந்த எண்ணைக் காட்டுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் நம்பருக்கு அழைக்காதீர்கள்."

பெரும்பாலான விளக்க வீடியோக்கள் பச்சைக் குறியோடு முடிந்துவிடுகின்றன. அது பெரிய குறை என்பது என் கருத்து. கழிப்பது முதலிலும் வரவு வைப்பது பின்னரும் நடப்பதால், நடுவில் ஒரு வங்கியிலிருந்து பதில் வரத் தாமதமானால், பணம் போனதா இல்லையா என்று செயலிக்கே உறுதியாகத் தெரியாத நிலை ஏற்படுகிறது. மஞ்சள் குறி சொல்வது அந்த நிலையைத்தான். அப்போது பதற்றத்தில் இரண்டாம் முறை அனுப்பினால், இரண்டும் போய்ச் சேர்ந்துவிடலாம். கடைக்காரர் தெரிந்தவர் என்றால் திருப்பித் தருவார்; பேருந்து நிலையத்துக் கடையில் அது நடக்காது. அன்றைக்குச் சாமான் அவசரம் என்றால் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, கடைக்காரரிடம் அந்தக் கட்டணத்தைக் காட்டிவிட்டு வருவதே நல்லது.

இதற்கு விதியும் உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது உறுதியாகாமல் நின்றால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 100 ரூபாய் இழப்பீடு. இந்த நாள் கணக்கைக் குரலில் சேர்த்தால் காட்சி பாரமாகிவிடும். வீடியோவோடு கொடுக்கும் துண்டுத் தாளில் அச்சிடுங்கள்.

பணம் திரும்பாத பதற்றத்தில் இணையத்தில் தேடி, வாடிக்கையாளர் சேவை என்று போலியாகப் போடப்பட்ட எண்ணை அழைத்து, 85 ரூபாயை மீட்கப் போய்க் கணக்கையே காலி செய்துகொள்பவர்கள் உண்டு. குரலின் கடைசி வாக்கியம் அவர்களுக்கானது. நேரம் போதவில்லை என்று எதை வெட்டினாலும் அதை வெட்டாதீர்கள்.

நிறங்களைப் பற்றி ஓவியரிடம் பேசும்போது, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பி வரைய வேண்டாம் என்று சொல்லுங்கள். சரிக்குறி, கடிகாரம், பெருக்கல் குறி என்று வடிவமும் மாற வேண்டும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களும், வெயிலில் மங்கிய திரையைப் பார்ப்பவர்களும் வடிவத்தை வைத்தே அறிந்துகொள்வார்கள். வார்த்தைகளைப் பொறுத்தவரை, செயலியைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் பலர் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவதால், திரையில் உள்ள சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் காட்டி, அதன் கீழேயே தமிழில் எழுதுங்கள்.

ஸ்கிரிப்ட் முடிந்ததும், படம் வரையத் தொடங்கும் முன், குழுவில் இதுவரை பயன்படுத்தாத இருவர் மூவரை அமர்த்தி வாசித்துக் காட்டுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றே சொல்வார்கள். "ஒருத்தர் உங்களுக்கு ஐந்நூறு ரூபாய் அனுப்பணும்னு சொல்றார், நீங்க என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். பின் நம்பரைப் போட வேண்டும் என்று ஒருவர் சொன்னாலும் ஐந்தாம் காட்சியைத் திருத்தி எழுத வேண்டும். "கடையில மஞ்சள் கடிகாரம் வந்துடுச்சு, அடுத்து என்ன?" என்று கேளுங்கள். மறுபடி அனுப்புவேன் என்றால் ஆறாம் காட்சியில் வேலை இருக்கிறது.

கடைசியாகத் தயாரிப்பாளரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். மாறக்கூடிய எண்களும் விதிகளும் எவையோ அவற்றைக் குரலில் பதிவு செய்யாமல், திரையில் தனி எழுத்து அடுக்காக வைக்கச் சொல்லுங்கள். இந்த மாதிரியில் குரலில் இருப்பவை 85 ரூபாய், கார்டின் ஆறு இலக்கம், 1930, பன்னிரண்டு இலக்கம் ஆகியவை மட்டுமே. 5,000 ரூபாய் வரம்பையோ திரும்பும் நாள் கணக்கையோ சேர்க்க விரும்பினால் எழுத்தாக மட்டும் சேருங்கள். என்பிசிஐ வரம்பை மாற்றும்போது அந்த ஓர் அடுக்கைத் திருத்தி வீடியோவை மீண்டும் ஏற்றுமதி செய்தால் போதும்; குரல் கொடுத்தவரை மறுபடி ஸ்டூடியோவுக்கு அழைக்க வேண்டியிருக்காது.